படம் எதை மெய்ப்பிக்கும்?
இணையவழிக் கடையின் அறிவிப்பைப் பற்றிய ஒரு பாடம்



பட்டுச்சேலை வாங்க விரும்பிய குடும்பத்தார் கடைக்கு நேரில் வந்து, பாயின்மீது விரித்த சேலையைத் தொட்டும் திருப்பியும், கரையை விரலால் தடவியும் பார்த்த பின்னரே விலை பேசுவது நெடுநாளைய வழக்கம். அவ்வழக்கம் இன்றும் மறைந்துவிடவில்லை. ஆயினும் கல்யாணச் சேலையைக் கைபேசியின் திரையில் பார்த்தே வாங்குவோர் இக்காலத்தில் பலர். அவர்கள் தொட முடியாது. திருப்பிப் பார்க்க முடியாது. விற்பவர் எடுத்து வைத்த படம் ஒன்றே அவர்களுக்குக் கண்ணும் கையுமாக இருக்கிறது.

இதனால் நேரும் தீங்கு யாருக்கு என்பதை முதலில் கவனிக்க வேண்டும். கையால் கோர்வை போட்டு நெய்த காஞ்சிபுரம் சேலையும், விசைத்தறியில் அதன் சாயலாக நெய்த துணியும் எட்ட நின்று எடுத்த படத்தில் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டும் ஒன்றுபோல் தோன்றினால், குறைந்த விலை எதுவோ அதுவே விற்கும். தறியில் இருவர் அமர்ந்து பல நாள் உழைத்த உழைப்புக்குப் படத்தில் இடமில்லாமற் போனால், கூலியிலும் அதற்கு இடமில்லாமற் போய்விடும். ஆகையால், சிறிய இணையவழிக் கடை ஒன்று தன் சரக்கு மெய்யானது என்பதைப் படங்களைக் கொண்டு எவ்வாறு நிலைநாட்டலாம், அதற்கான அறிவிப்பை எவ்வாறு எழுதலாம் என்பதை இந்தப் பாடத்தில் ஆராய்வோம்.

மூன்று கேள்விகள்

“இது அசலா?” என்று வாங்குபவர் கேட்கும்போது, உண்மையில் மூன்று கேள்விகளைச் சேர்த்தே கேட்கிறார். முதலாவது, படத்தில் உள்ள அதே சேலைதான் எனக்கு வருமா? இரண்டாவது, இது சொல்லப்பட்ட முறையில், அதாவது கைத்தறியில் கோர்வையிட்டு நெய்யப்பட்டதா? மூன்றாவது, இதன் இழை பட்டுத்தானா, சரிகை வெள்ளிச் சரிகைதானா?

இம்மூன்றுக்கும் படம் ஒரே அளவில் விடை தருவதில்லை. முதற் கேள்விக்கு நல்ல படம் முழு விடை தரும். இரண்டாவது கேள்விக்குப் பெரும்பகுதி விடை தரும். மூன்றாவது கேள்விக்குப் படத்தால் விடை தரவே இயலாது. இந்த வேறுபாட்டை மறைக்காமல் எடுத்துச் சொல்வதே நேர்மையான அறிவிப்பின் உயிர்நிலை. “எங்கள் படங்களே சான்று” என்று மட்டும் எழுதி நிறுத்தும் கடை, தெரிந்தோ தெரியாமலோ, படத்தால் ஆகாத காரியத்தையும் படத்தின் தலையில் ஏற்றிவிடுகிறது.

ஒரு சேலையை எடுத்துக்கொள்வோம்

மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயிலுக்கு அருகே, மாட வீதி ஒன்றில், வீட்டின் முன்னறையிலேயே நடைபெறும் ஒரு சிறு கடையை எடுத்துக்காட்டாகக் கற்பனை செய்துகொள்வோம். காஞ்சிபுரத்து நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து மாதம் முப்பது நாற்பது சேலைகள் அங்கே வருகின்றன. சிங்கப்பூரிலும் கனடாவிலும் உள்ள குடும்பங்களும் இணையவழியே அங்கு வாங்குகின்றன. வந்த சேலைகளுள் ஒன்று மாம்பழ நிற உடலும், அரக்கு நிறக் கரையும், அரக்கு நிற முந்தியும் கொண்டது. கடையார் அதற்கு 412 என்று எண் இடுகின்றனர்.

அந்த எண்ணைச் சிறு துணித்துண்டில் எழுதி, சேலையின் உள்முனையில் இரண்டு தையல் போட்டு இணைத்துவிடுகிறார்கள். சீட்டைக் குண்டூசியால் குத்தினால் பட்டில் துளை விழும். பசையால் ஒட்டினால் கறை படியும். ஆதலால் தையலே ஏற்றது. இனி எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் இந்த எண் தெரிய வேண்டும். எண் தெரியாத படம் அழகுக்கு உதவும்; சான்றுக்கு உதவாது.

படம் எடுக்க விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. வெயில் நேராக விழாத சன்னலருகே, காலை வெளிச்சத்தில், விளக்குகளை அணைத்துவிட்டு எடுத்தால் போதும். மஞ்சள் விளக்கும் பகல் வெளிச்சமும் கலந்தால் நிறம் பொய் சொல்லும். சேலைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளையும், ஓர் அளவுகோலையும் வைத்து எடுக்க வேண்டும். படத்தில் அந்தத் தாள் வெள்ளையாகவே தெரிந்தால் நிறம் பெரும்பாலும் சரி என்று பார்ப்பவர் அறியலாம். தாள் மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால் சேலையின் நிறமும் அந்த அளவுக்கு மாறியிருக்கிறது என்று கொள்ளலாம். அளவுகோல் கரையின் அகலத்தைக் காட்டும்.

இவ்வளவு செய்தாலும், “எம். எஸ். நீலம்” போன்ற நிறங்கள் ஒவ்வொரு திரையிலும் ஒவ்வொரு விதமாகவே தோன்றும். இதனை அறிவிப்பில் ஒப்புக்கொள்வதே முறை.

சேலையின் கைரேகை

இப்போது முதற் கேள்விக்கு வருவோம். படத்தில் கண்ட சேலையே தமக்கு வந்தது என்பதை வாங்கியவர் எவ்வாறு அறிவார்? எண் எழுதிய துணித்துண்டை வேறொரு சேலையிலும் தைக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே.

இதற்கு நம் தொழிலே விடை வைத்திருக்கிறது. காஞ்சிபுரத்தில் முந்திக்கு வேறு நிறப் பாவு வேண்டியபோது, உடலின் பாவு இழைகளோடு முந்தியின் பாவு இழைகளைக் கையால் இணைப்பார்கள். இதற்குப் பிட்னி என்று பெயர். இணைத்த இடத்தில் இருநிற இழைகளும் சிறிது தூரம் சேர்ந்தே ஓடுவதால், அந்தக் குறுகிய பட்டை சற்றுத் தடித்தும் சுருங்கியும் இருக்கும். கையால் இணைத்தமையின், ஓரிடத்தில் இழை சற்று முன்னேறியும் ஓரிடத்தில் பின்வாங்கியும் நிற்கும். இரண்டு சேலைகளில் இந்த ஏற்றத்தாழ்வு ஒன்றுபோல் அமைவது அரிது. மனிதருக்குக் கைரேகை எவ்வாறோ, சேலைக்குப் பிட்னி அவ்வாறு என்று கொள்ளலாம்.

எனவே 412-ஆம் எண் சேலையின் பிட்னிப் பகுதியை, முன்புறம் ஒன்றும் பின்புறம் ஒன்றுமாக, மிக அண்மையில் இரண்டு படம் எடுக்கிறார்கள். இழை எண்ணும் கண்ணாடியை வைத்து அதன்மேல் கைபேசியைப் பிடித்தால் இழைகள் தெளிவாக விழும். எந்த ஓரத்திலிருந்து எத்தனை அங்குலத்தில் அந்தப் படம் எடுக்கப்பட்டது என்பதையும் குறித்து வைக்கிறார்கள். சேலை வந்தவுடன் வாங்கியவர் அதே இடத்தைத் தம் கைபேசியில் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். துணித்துண்டை மாற்றலாம், பிட்னியை மாற்ற முடியாது.

பிட்னி இல்லாத சேலைகளும் இன்று நிறைய நெய்யப்படுகின்றன. அவற்றில் முந்தியின் நிறம் ஊடையால் மட்டும் வருகிறது. பிட்னி இல்லாமை குற்றமன்று. அத்தகைய சேலைக்கு ஊடை இழை தடித்துப்போன இடம், கோர்வையின் ஒரு பல் சற்றுப் பிசகிய இடம் என்று கண்ணுக்குத் தெரியும் ஓர் அடையாளத்தைத் தேர்ந்தெடுத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம். நெசவாளர் பிழை என்று நாணி மறைக்கும் சிறு பிசகே இங்கு அடையாளச் சான்றாக உதவுவது கவனிக்கத்தக்கது.

பின்புறமே பேசும்

இரண்டாவது கேள்வி நெசவு முறையைப் பற்றியது. இதற்குச் சேலையின் முகத்தைக் காட்டும் படம் பயன்படாது. பின்புறத்தைக் காட்டும் படமே பயன்படும்.

கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நாடாவும், இரு கரைகளுக்கும் இரு நாடாக்களுமாக மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. உடலின் ஊடை கரையின் எல்லைவரை சென்று திரும்பிவிடும்; கரையின் ஊடை உடலின் எல்லைவரை வந்து திரும்பிவிடும். எல்லையில் இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். இதற்காகவே நெசவாளருக்குப் பக்கத்தில் மற்றொருவர் அமர வேண்டியிருக்கிறது. இதன் பயனாக, 412-ஆம் சேலையின் அரக்குக் கரையைத் திருப்பிப் பார்த்தால் அங்கும் தூய அரக்கு நிறமே தெரியும். மாம்பழ நிற இழை கரைக்குள் நுழைந்திருக்காது.

போலியில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் உடலின் ஊடையே கரை முழுவதும் ஓடும். அரக்குப் பாவும் மாம்பழ ஊடையும் கலப்பதால் கரையின் நிறம் மங்கிக் கலப்பு நிறமாக இருக்கும். அண்மைப் படத்தில் இரு நிறப் புள்ளிகளும் தனித்தனியே தெரியும். இரண்டாவது வகையில் நிறத்தை மேலே காட்டும்பொருட்டுத் தனி இழையை ஓட்டி, பின்புறம் தொங்கும் இழையை வெட்டிவிடுவார்கள். திருப்பிப் பார்த்தால் கரையின் எல்லையில் வெட்டிய நுனிகள் தூரிகைபோல் வரிசையாக நிற்கும். ஆகவே கரையும் உடலும் சேரும் இடத்தின் பின்புறத்தை அண்மையில் எடுத்த ஒரு படம், முகப்பை எடுத்த பத்துப் படங்களைவிட மேலான சான்றாகும்.

துணியின் அகலம் குறுகாமல் இழுத்துப் பிடிக்கும் ஊசிமுனைக் கோல் ஓரங்களில் பதிக்கும் சிறு துளைகளையும் படம் எடுக்கலாம். கோலைக் கையால் அடிக்கடி பெயர்த்து வைப்பதால் அத்துளைகள் சீராக அமையமாட்டா. ஆனால் விசைத்தறியிலும் துணியை இழுத்துப் பிடிக்கும் அமைப்பு உண்டு. அதுவும் தடம் பதிக்கும். ஆதலால் இது துணைச் சான்றே; தனிச் சான்று ஆகாது. கோர்வை, பிட்னி எதுவும் இல்லாத வெறுந்துணி கைத்தறியா விசைத்தறியா என்பதைப் படத்தை மட்டும் கண்டு தீர்ப்பது எவருக்கும் கடினமே.

படம் தோற்கும் இடம்

மூன்றாவது கேள்வியில் படம் வாய்மூடி நிற்கிறது. பாலியெஸ்டர் இழையும் படத்தில் பட்டுப்போல் மின்னும். வெள்ளிக் கம்பியைப் பட்டு இழைமேல் சுற்றிப் பொன்முலாம் பூசிய சரிகையும், செம்புக் கம்பியில் முலாம் ஏற்றிய சரிகையும், வெறும் பளபளப்புத் தாளால் ஆன சரிகையும் திரையில் ஒரே பொன்னிறந்தான். சரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்பு இழை தெரிய வேண்டும் என்று சொல்வதுண்டு. மட்டச் சரிகைக்கும் உள்ளிழையைச் சிவப்பாகச் சாயமேற்ற முடியும் அல்லவா? ஆகவே அதுவும் முடிவான சோதனையன்று.

இழையைக் கொளுத்திப் பார்ப்பது பழைய சோதனை. பட்டு, மயிர் கருகும் நாற்றம் வீசி, விரலால் நசுக்கினால் பொடியாகும் சாம்பலைத் தரும். பாலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாகும். ஆனால் கொளுத்திய சாம்பலைப் படம் எடுத்துக் காட்டுவதால் பயனில்லை. அந்த இழை அந்தச் சேலையிலிருந்து வந்தது என்பதற்குப் படம் சாட்சியன்று. நாற்றமும் படத்தில் விழாது. எனவே கடையார் வேறு செய்கிறார்கள். சேலையின் முனையில் நெய்யாமல் விடப்பட்டிருக்கும் பாவு இழைகளை வெட்டாமல் அப்படியே அனுப்புகிறார்கள். ஊடை இழையில் ஒரு சாண் நீளத்தையும் உறையிலிட்டு வைக்கிறார்கள். வாங்கியவர் தம் வீட்டிலேயே சோதித்துக்கொள்ளலாம்.

இனி முத்திரைகள். இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு கேள்விக்கே விடை சொல்கின்றன. மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004-இல் தொடங்கப்பட்ட சில்க் மார்க், இழை தூய பட்டு என்று மட்டுமே கூறும். கைத்தறி என்று கூறாது. 2006-இல் வந்த கைத்தறி முத்திரை, கையால் நெய்தது என்று கூறும்; சரிகையைப் பற்றி ஒன்றும் கூறாது. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005–06-இல் கிடைத்த புவிசார் குறியீடு ஊரையும் மரபையும் சொல்லும். சரிகையின் வெள்ளி அளவை அறிய, நகைக்கடைகளில் பொன்னின் மாற்றுப் பார்க்கும் எக்ஸ்-கதிர்க் கருவி போன்றதில் வைத்துச் சோதிக்க வேண்டும். அந்தச் சோதனைச் சீட்டில் சேலையின் எண் எழுதியிருந்தால்தான் சீட்டுக்கு மதிப்பு.

சில்க் மார்க் சீட்டில் தனி எண் உண்டு. அதனை முழுதும் தெரியும்படி இணையத்தில் வெளியிட்டால், பிறர் அதைப் பார்த்துப் போலிச் சீட்டு அடிக்க வழியாகும். ஆதலால் படத்தில் கடைசி சில இலக்கங்களை விரலால் மறைத்துக் காட்டுவதும், பணம் செலுத்தியவருக்கு முழு எண்ணையும் தெரிவிப்பதும் நலம்.

திருடிய படம்

மற்றொரு தொல்லை, ஒரு கடையின் படத்தை இன்னொருவர் எடுத்துத் தம்முடையதாகக் காட்டுவது. படத்தோடு பதிவாகும் தேதியை நம்பிப் பயனில்லை. அதைத் திருத்த முடியும். வாட்ஸப் வழியே படமாக அனுப்பும்போது அது நீங்கியும் விடுகிறது. இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. வாங்குபவர் தம் மனத்தில் தோன்றிய ஒரு சொல்லைச் சொல்ல, கடையார் அதைத் தாளில் எழுதிச் சேலையின்மேல் வைத்து அப்போதே எடுத்து அனுப்ப வேண்டும். சேலை கையில் இல்லாதவர் இதற்கு இணங்கமாட்டார். எழுத்தைப் படத்தில் பின்னர்ப் புகுத்தவும் கணினியால் இயலும் என்பதால், தாளிலிருந்து தொடங்கி, பிட்னியைக் காட்டி, கரையைத் திருப்பிப் பின்புறத்தையும் காட்டும்வரை இடையறாது எடுத்த சிறு காணொளியே மேலானது.

அறிவிப்பின் மாதிரி

மேற்கூறியவற்றைத் திரட்டி, அக்கடை பின்வருமாறு அறிவிப்பு எழுதலாம்:

> *வாடிக்கையாளர் கவனத்திற்கு*
>
> எங்களிடம் உள்ள ஒவ்வொரு சேலையையும் தனித்தனியே படம் எடுத்திருக்கிறோம். ஒரு படத்தைக் காட்டிப் பல சேலைகளை விற்பதில்லை. ஒவ்வொரு படத்திலும் சேலையின் எண் தெரியும்.
>
> ஒவ்வொரு சேலைக்கும் ஆறு படங்கள் உள்ளன: முழுச் சேலை, முந்தி, பிட்னி அல்லது வேறோர் அடையாளத்தின் முன்புறம், அதுவே பின்புறம், கரை சேரும் இடத்தின் பின்புறம், முத்திரைச் சீட்டுகள்.
>
> அடையாளப் படங்களைக் கொண்டு, உங்களுக்கு வந்த சேலை நீங்கள் தேர்ந்ததுதானா என்று ஒப்பிட்டுக்கொள்ளலாம். பின்புறப் படத்தைக் கொண்டு கோர்வையை அறியலாம்.
>
> பட்டின் தூய்மையையும் சரிகையின் வெள்ளியையும் எந்தப் படமும் காட்டாது. பட்டுக்குச் சில்க் மார்க் சீட்டும், சோதிக்க இழையும் அனுப்புகிறோம். சரிகைக்குச் சோதனைச் சீட்டு உள்ள சேலைகளில் மட்டும் அவ்வாறு குறித்துள்ளோம்; குறிப்பு இல்லாத சேலையின் சரிகையைப் பற்றி நாங்கள் உறுதி கூறவில்லை.
>
> நிறம் திரைக்குத் திரை சிறிது மாறும். வாங்குமுன் விரும்பினால், நீங்கள் சொல்லும் சொல்லை எழுதி வைத்துப் புதிய காணொளி எடுத்து அனுப்புவோம்.
>
> படத்துக்கும் சேலைக்கும் வேறுபாடு இருப்பின், பெட்டியைத் திறக்கும்போது எடுத்த படத்துடன் தெரிவியுங்கள். சேலையைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தருவோம்.

கடைசிப் பகுதி கடையாரின் தயவு அன்று. சட்டமும் அதையே சொல்கிறது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் காட்டிய தன்மை இல்லாத பொருளை விற்றவர், அதைத் திரும்பப் பெற மறுக்கலாகாது. இணையவழி வணிகம் நடத்தும் நிறுவனம், புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் வேண்டும்.

“சரிகையைப் பற்றி உறுதி கூறவில்லை” என்று எழுதினால் விற்பனை குறையுமே என்று சிலர் அஞ்சலாம். சில சேலைகளுக்குக் குறையவும் கூடும். ஆனால் சோதனைச் சீட்டுள்ள சேலைக்குத் தனி மதிப்பு ஏற்படுவது அந்த ஒரு வாக்கியத்தால்தான். எல்லாச் சேலைகளுக்கும் ஒரே உறுதியைக் கூறிவிட்டால், நல்ல சரிகைக்குக் கூடுதல் விலை கேட்க வழியே இல்லை.

விளைபொருள் தரும் அங்கத்தினர்களும் இதில் ஒன்றைக் கவனிக்கலாம். சேலையில் நெய்தவர் கைத்தடம் நிற்கிறது. அதனால் படம் உதவுகிறது. மஞ்சளிலும் நெல்லிலும் அத்தகைய தடம் இல்லை. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. எனினும் ஒரு கிழங்கின் படத்தைக் கண்டு அது எந்த ஊர் மஞ்சள் என்று கூற முடியாது. அங்கே வயலிலிருந்து மூட்டைவரை எண்ணிட்டுத் தொடரும் கணக்கேடுதான் சான்று. படம் அந்த ஏட்டுக்குத் துணை மட்டுமே.

படிப்பு வட்டத்துக்கு வினாக்கள்

1. உங்கள் சங்கத்தில் நெய்த இரண்டு சேலைகளின் பிட்னிப் பகுதியைப் படம் எடுத்து ஒப்பிடுக. எந்த வேறுபாடுகள் தெரிகின்றன?

2. கோர்வைச் சேலை ஒன்றையும் சாதாரணக் கரைச் சேலை ஒன்றையும் திருப்பிப் போட்டுப் படம் எடுக்க. எண்ணைப் பார்க்காமல், படத்தை மட்டும் கொண்டு எது எதுவென்று பிறரால் கூற முடிகிறதா?

3. மேற்கண்ட அறிவிப்பில், உங்கள் சங்கம் இன்றுள்ள நிலையில் உண்மையாகச் சொல்ல முடியாத வாக்கியம் எது? அதைச் சொல்லத்தக்கதாக ஆக்க என்ன செய்ய வேண்டும்?